டேப்புக்கு மேல் ஒரு சாண்

டம்பிள் ஷாட் அடிக்கத் தெரிந்தவர்கள் சமூக மன்றப் பூப்பந்துக் கோர்ட்டுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஷட்டில் புரண்டு புரண்டு வலையின் மேல்விளிம்பான டேப்பைத் தாண்டும், பக்கத்துக் கோர்ட்டில் ஆடுபவர்கூட ஒரு கணம் நின்று பார்ப்பார். ஆனால் அடித்தவர் அதற்குள் நடுக்கோர்ட்டுக்குப் பின்வாங்கத் தொடங்கியிருப்பார். எதிராளி காத்திருந்து அதையே மெல்லத் திருப்பி வைப்பார். புள்ளி எதிர்ப்பக்கம் போய்விடும்.

வலையோரச் சண்டையில் சுழலால் மட்டும் புள்ளி வராது. சுழல் எதிராளியைக் காக்க வைக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காத்திருப்பில் ஷட்டில் டேப்புக்கு வெகுவாகக் கீழே இறங்கிவிட வேண்டும், நம் ராக்கெட் டேப் உயரத்தில் தயாராக நிற்க வேண்டும். இந்த இரண்டையும் பழக, இருவர் ஒரு கோர்ட்டில் ஒவ்வொரு மணி நேரமாக ஐந்து அமர்வுகளில் செய்ததன் குறிப்பு இது. எல்லாம் வலது கை ஆட்டக்காரருக்கு எழுதியது. இடது கைக்காரர் வலம் இடம் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். கணக்கு ஒற்றையர் ஆட்டத்துக்கானது. இரட்டையரில் பின்னால் இன்னொருவர் நிற்பதால் வலையோரம் நிற்கும் துணிச்சல் தானாக வந்துவிடும்.

ஷட்டில் ஏன் புரளுகிறது

ஷட்டிலின் எடையில் பெரும்பகுதி கார்க் பக்கம் இருக்கிறது. காற்றில் பறக்கும்போது இறகுகள் பின்னால் இழுபட, கார்க் எப்போதும் முன்னால் வந்துவிடும். கார்க்கின் அடியில் நேராகத் தட்டினால் ஷட்டில் ஒரே ஒரு முறை திரும்பி, கார்க் முன்னாக அடங்கிப் போகும். கார்க்கின் கீழ்ப்பக்கவாட்டை நரம்புகள் உரசிச் சென்றால் கதை வேறு. தள்ளும் விசை எடை மையத்தை விட்டு விலகிப் போவதால், ஷட்டில் தலைகீழாகக் கரணம் போடத் தொடங்குகிறது.

அந்தக் கரணத்தை அடக்குவது காற்று. ஸ்மாஷில் வேகம் அதிகம், காற்றின் பிடியும் அதிகம். அதனால் கண் சிமிட்டுவதற்குள் ஷட்டில் நேராகிவிடும். வலையோரத்தில் அது ஊர்ந்துதான் போகிறது. காற்றுக்குப் பிடி குறைவு, கடக்கும் தூரமும் குறைவு. எனவே டேப்பைத் தாண்டி இறங்கும்போதும் கரணம் முழுதாக அடங்கியிருக்காது. அந்த நிலையில் தொட்டால் ராக்கெட்டில் கார்க் படுமா இறகு படுமா என்பது எதிராளிக்கே தெரியாது. இறகு பட்டால் ஷட்டில் பொத்தென்று விழும் அல்லது எங்கோ தாவும். விவரம் தெரிந்தவர் அதனால்தான் காத்திருக்கிறார்.

இந்தச் சுழல் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு 2023இல் நடந்ததே சாட்சி. சர்வீஸ் போடும்போதே விரலால் ஷட்டிலைச் சுழற்றிவிடும் முறை பரவத் தொடங்கியதும், உலகப் பூப்பந்துச் சம்மேளனம் அதற்குத் தடை போட்டது. தடை சர்வீசுக்கு மட்டும்தான். ஆட்டத்தின் நடுவே ராக்கெட்டால் எவ்வளவு சுழற்றினாலும் தவறில்லை.

கோர்ட்டில் முதல் பத்து நிமிடம்

முதலில் வலையை அளக்க வேண்டும். விதிப்படி கம்பத்தருகே உயரம் 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர். இரண்டரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் டேப்பை உரசும் ஷாட்டுக்கு அது பெரிய இடைவெளி. நடுவலையில் நின்று பழகிவிட்டு ஆட்டத்தில் ஓர மூலையில் அடித்தால் ஷட்டில் டேப்பில் முட்டி நம் பக்கமே விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். பல்நோக்கு மண்டபங்களில் சக்கரம் வைத்த கம்பங்கள்தான் இருக்கும். வலை நடுவில் தொய்ந்தும் கிடக்கும். அளவு நாடா இல்லாவிட்டால் ராக்கெட் போதும். பெரும்பாலான ராக்கெட்டுகள் 67.5 சென்டிமீட்டர் நீளம். நடுவில் தரையிலிருந்து இரண்டு ராக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால், டேப் அதற்கு மேல் சுமார் 17 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. குளிரூட்டி இல்லாத மண்டபங்களில் பக்கக் கதவுகளைத் திறந்து வைத்திருப்பார்கள், சுவரில் பெரிய மின்விசிறிகளும் சுழலும். ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து டேப்புக்கு மேல் பிடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். எதிர்க்காற்று இருந்தால் டேப்பைத் தாண்டிய ஷட்டில்கூட வலையை ஒட்டியே இறங்கும், அடித்தவருக்கு லாபம். பின்காற்று இருந்தால் அதே ஷாட் ஓர் அடி உள்ளே போய் எதிராளிக்கு விருந்தாகிவிடும். பக்கம் மாறும்போது இது தலைகீழாகும்.

மூன்றாவது ஷட்டில். சிங்கப்பூர் வெப்பத்தில் ஷட்டில் வேகமாகப் போகும் என்பதால் இங்கே வேகம் குறைந்த 75 அல்லது 76 எண் வாங்குவது வழக்கம். பழைய ஷட்டில் போதும், ஆனால் பதினாறு இறகும் முழுதாக இருக்க வேண்டும். ஓர் இறகு ஒடிந்தாலே அது தன்பாட்டுக்குத் தள்ளாடும். ஷாட் நன்றாக விழுந்ததா ஷட்டில் ஆட்டம் காட்டியதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. நைலான் ஷட்டிலை இதற்கு எடுக்க வேண்டாம். அதன் பாவாடை இறகைப் போல் காற்றைப் பிடிப்பதில்லை. அதில் பழகிய கைக்கணக்கு இறகு ஷட்டிலுக்கு வராது.

கடைசியாக ஒரு நூல். கம்பத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய கழிகளைத் துணிப்பட்டியால் கட்டி, டேப்புக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், அதாவது 22 சென்டிமீட்டர் அளவில், நைலான் நூலை இழுத்துக் கட்ட வேண்டும். வீவக வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கம்பு இதற்கு மிகப் பொருத்தம், எம்ஆர்டியில் கொண்டுபோகத்தான் துணிச்சல் வேண்டும். மண்டபப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. எதிர்ப்பக்கத் தரையில், வலையை ஒட்டி ஒரு குளியல் துண்டை நீளவாக்கில் மடித்துப் போட்டால் விழவேண்டிய இடம் தயார். மடித்த அகலம் 40 சென்டிமீட்டர் இருந்தால் போதும்.

முதல் அமர்வு: சுழலே இல்லாமல்

முதல் மணி நேரம் முழுக்கச் சாதாரண நெட் ஷாட் மட்டும். பலருக்கு இங்கேயே பொறுமை போய்விடும். ஆனால் சாதாரண ஷாட்டை டேப்புக்கும் நூலுக்கும் நடுவே அனுப்பத் தெரியாத கை, சுழல் சேர்த்தால் இன்னும் தடுமாறும்.

எதிர்ப்பக்கம் நிற்பவர் கார்க்கை விரலால் பிடித்து, டேப்புக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையாலேயே எறிந்து தருவார். அடிப்பவர் சின்ன சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் நின்று, வலது காலை முன்னே நீட்டி ஊன்றும் லஞ்ச் ஒன்று வைத்துத் தொட வேண்டும். அந்தக் கோடு வலையிலிருந்து 1.98 மீட்டர். வலது காலும் நீட்டிய கையும் சேர்ந்தால் வலையை எட்டிவிடும், ஓட வேண்டியதில்லை. பிடி தளர்வாக, உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் காற்று போகிற மாதிரி இருக்க வேண்டும். குதிகால் தரையைத் தொடும் கணத்தில், அல்லது அதற்குச் சற்று முன், ஷட்டில் ராக்கெட்டைத் தொட வேண்டும். கால் ஊன்றி நின்ற பிறகு தொட்டால் உடம்பின் முன்னோட்டம் செத்துப்போகும். அதை ஈடுகட்ட மணிக்கட்டு தானாகச் சுண்டும், ஷட்டில் நூலுக்கு மேலே ஏறும்.

நூலுக்கு ஏன் இத்தனை முக்கியம்? ஷட்டில் மெதுவாக விழும்போது காற்றுத் தடை குறைவு, எனவே சாதாரண ஈர்ப்புக் கணக்கே ஓரளவு பொருந்தும். உச்சி டேப்புக்கு மேல் 10 சென்டிமீட்டர் என்றால் அது மீண்டும் டேப் உயரத்துக்கு இறங்க 0.14 வினாடி போதும். ஒரு சாண் என்றால் 0.21 வினாடி. இரண்டு சாண் என்றால் 0.3 வினாடி. அருகில் நிற்கும் எதிராளி ஒரு எட்டு வைத்து மேலிருந்து குத்த அந்த 0.3 தாராளம். 0.14இல் ராக்கெட்டை உயர்த்தக்கூட நேரமிருக்காது.

உச்சி எங்கே வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். அது நம் பக்கத்தில் வர வேண்டும், டேப்பைத் தாண்டும்போது ஷட்டில் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். உச்சி எதிர்ப்பக்கம் போய்விட்டால், உயரம் குறைவாக இருந்தும் எதிராளி மேலிருந்து குத்தி முடிக்கும் கில்லை வாங்க நேரலாம். வலைக்குப் பக்கவாட்டில் நிற்பவர்தான் இதைச் சரியாகச் சொல்ல முடியும். அடிப்பவர் கண்ணுக்கு எல்லாம் நன்றாகவே தெரியும்.

பத்து ஷாட்டில் குறைந்தது ஆறு நூலுக்குக் கீழே போய்த் துண்டில் விழுந்தால் அடுத்த அமர்வுக்குப் போகலாம். விழாவிட்டால் இன்னொரு மணி நேரம் இதேதான்.

இரண்டாவது, மூன்றாவது அமர்வு: உரசல்

வலது முன்மூலை, ஃபோர்ஹேண்ட். ராக்கெட் முகம் கிட்டத்தட்ட மேல்நோக்கி, மேசை போலப் படுத்திருக்கும். முன்விளிம்பு மட்டும் லேசாகத் தாழ்ந்திருக்கும். தலை மணிக்கட்டை விடக் கீழே இறங்கக் கூடாது. ஷட்டில் இறங்கி வருகையில், ராக்கெட் தலை கார்க்கின் வலது கீழ்ப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வழுக்கிச் செல்ல வேண்டும், கூடவே துளியளவு முன்னோக்கியும். தோசைக்கல்லில் ஒட்டிய மாவைக் கரண்டியால் சுரண்டி எடுக்கிற அசைவுதான். மொத்த வீச்சு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். வேகம் விரல்களிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து அல்ல.

பேக்ஹேண்டில் கட்டைவிரல் கைப்பிடியின் அகன்ற பட்டையை விட்டுச் சற்றுச் சரிந்து, அதன் விளிம்புப் பட்டையில் அமரும். உரசல் இடமிருந்து வலம்.

இரண்டு மூலையிலும் உரசலின் திசை கோர்ட்டின் உள்பக்கம் நோக்கியே இருப்பதைக் கவனிக்கலாம். நரம்பு இழுக்கும் பக்கமே ஷட்டிலும் கொஞ்சம் நகரும். வலது மூலையில் இடமிருந்து வலமாக உரசினால் அழகாகச் சுழன்று கோட்டுக்கு வெளியே விழும். திசையை மாற்றிப் பார்ப்பதும் பயனுள்ளதுதான். எல்லா இறகு ஷட்டிலிலும் இறகுகள் ஒரே திசையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஷட்டிலுக்கு இயல்பாகவே ஒரு பக்கச் சுற்று உண்டு. அதனால் வலமாக உரசுவதும் இடமாக உரசுவதும் ஒரே விளைவைத் தருவதில்லை. ஆனால் அந்தச் சோதனையை நடுவலையில் வைத்துக்கொள்ளலாம், ஓரத்தில் வேண்டாம்.

இந்த இரண்டு மணி நேரத்தில் வந்த கோளாறுகள் நான்கு. ஷட்டிலின் போக்கைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அதிகம் வந்தது, சுழன்றும் டேப்பைத் தாண்டாமல் நம் பக்கமே விழுவது. உரசல் முழுக்கப் பக்கவாட்டில் போய்விட்டது, முன்னே தள்ளும் பங்கு பூஜ்யம். இதற்கு வேகத்தைக் கூட்டக் கூடாது, கூட்டினால் இன்னும் பக்கவாட்டில்தான் போகும். உரசும் பாதையை முன்னோக்கிச் சற்று வளைத்தால் சரியாகிறது. ராக்கெட் தலையின் நுனி வலையைப் பார்த்துத் தொடங்கி, இடப்பக்கக் கம்பத்தைப் பார்த்து முடிவது போல ஒரு சிறு வில்.

அடுத்தது, சுழன்று தாண்டுகிறது, ஆனால் மூன்றடி உள்ளே போய் விழுகிறது. ராக்கெட் முகம் முன்னால் பார்க்கிறது. முகத்தைத் திறந்து மேல்நோக்கி வைத்தால் தீர்ந்தது.

மூன்றாவது கொஞ்சம் ஏமாற்றுவது. ஷட்டில் பம்பரம் போல் தன் அச்சிலேயே சுற்றுகிறது, கரணம் போடவில்லை. பார்க்க டம்பிள் மாதிரியே இருக்கும், எதிராளிக்கோ ஒரு சிரமமும் இல்லை, கார்க் எப்போதும் அவரைப் பார்த்தபடிதான் வரும். கார்க்கின் ஓரத்தை மட்டும் தொட்டிருக்கிறோம், அடியைத் தொடவில்லை. ராக்கெட் இன்னும் சற்றுத் தாழ்ந்து, கார்க்கின் அடியும் பக்கமும் சேரும் வளைவில் நுழைய வேண்டும். இதைப் பிரித்தறியச் சுலபமான வழி, எதிர்ப்பக்கம் நிற்பவர் கார்க்கை எத்தனை முறை பார்த்தார் என்று எண்ணிச் சொல்வது. இறங்கும் வரை கார்க் மறைந்து மறைந்து தெரிந்தால்தான் டம்பிள்.

நான்காவது காதில் கேட்கும். சரியான உரசலில் "ஸ்ஸ்க்" என்று தாளைத் தேய்த்தது போல ஒரு மெல்லிய ஓசை வரும். "சட்" என்று வந்தால் இறகில் பட்டிருக்கிறது, ராக்கெட் மேலே போய்விட்டது. ஒரு டியூப் ஷட்டில் சீக்கிரம் மொட்டையானால் காரணம் இதுதான். ஓசையே இல்லாமல் வழுக்கினால் நரம்பைப் பார்க்க வேண்டும். தேய்ந்து வழவழத்துப்போன நரம்பு கார்க்கைக் கவ்வாது.

நான்காவது அமர்வு: அடித்த பிறகு

சொல்லப்போனால் இந்தப் பயிற்சி முழுதும் இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

நல்ல டம்பிள் ஒன்று, உச்சி டேப்புக்கு மேல் 10 சென்டிமீட்டரில், தரையிலிருந்து ஏறக்குறைய 1.62 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். எதிராளி கார்க் கீழே வரக் காத்திருந்தால் உச்சியிலிருந்து 0.3 வினாடி போய்விடும். அதற்குள் ஷட்டில் 44 சென்டிமீட்டர் இறங்கி 1.18 மீட்டருக்கு வந்திருக்கும். டேப்பிலிருந்து ஒன்றரைச் சாணுக்கும் கீழே, அதுவும் வலையை ஒட்டி. அங்கிருந்து ஷட்டில் டேப்பைத் தாண்ட வேண்டுமானால் செங்குத்தாக ஏற வேண்டும். செங்குத்தாக ஏறியது டேப்புக்கு மேலும் ஏறித்தான் நிற்கும். அப்போது நம் ராக்கெட் அங்கே இருக்க வேண்டும்.

ஆகவே அடித்ததும் பின்வாங்கக் கூடாது. முன்கால் ஊன்றியபடி இருக்க, பின்காலை அரை எட்டு உள்ளே இழுத்துக்கொண்டால் லஞ்சின் நீளம் குறைந்து உடம்பு நிமிரும். ராக்கெட் தலை டேப் உயரத்தில், வலையிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடித்த நேர்கோட்டை மறைத்தபடி நிற்க வேண்டும். கண் ஷட்டிலில் அல்ல, எதிராளியின் ராக்கெட் தலையில்.

எதிராளி நேராகத் திருப்பி வைத்தால் ஒரே தட்டு. ஷட்டில் வலைக்கு ஒரு சாணுக்குள் இருந்தால் முன்னோக்கிக் குத்தக் கூடாது, ராக்கெட் வலையில் பட்டுப் புள்ளி போகும். வலைக்கு இணையாக, கார் கண்ணாடித் துடைப்பான் போகிற மாதிரி பக்கவாட்டில் வீச வேண்டும். ஷட்டிலைத் தொட்ட இடம் நம் பக்கமாக இருந்தால், வீச்சின் தொடர்ச்சியில் ராக்கெட் டேப்புக்கு மேலாக எதிர்ப்பக்கம் போவதை விதி அனுமதிக்கிறது. வலையைத் தொடுவதை எந்த நிலையிலும் அனுமதிக்கவில்லை.

எதிராளி முழங்கையை இறக்கி, ராக்கெட் தலையைத் தாழ்த்தினால், பின்கோர்ட்டுக்குத் தூக்கி அனுப்பும் லிஃப்ட் வருகிறது. வலையை ஒட்டிக் கீழிருந்து எடுப்பதால் அது தட்டையாக வேகமாக வர முடியாது. உயரமாகத்தான் வரும், பெரும்பாலும் கடைசிக் கோடு வரை போகாது. பின்னால் போக நேரம் இருக்கிறது. இந்த நேரம் இருக்கிறது என்று நம்புவதுதான் பலருக்குக் கடினம். லிஃப்டுக்குப் பயந்து முன்னதாகவே ஓடி, நேர்கோட்டைத் திறந்து விட்டுவிடுகிறார்கள்.

பயிற்சி இப்படி. எறிந்து தருபவர் இப்போது ராக்கெட்டுடன் நிற்பார். டம்பிளை எடுக்கும்போது நெட் அல்லது லிஃப்ட், இரண்டில் ஒன்றைத் தன் விருப்பப்படி ஆடுவார். அடிப்பவர் முன்கூட்டியே அசைந்தால் உடனே "நில்லு தம்பி" என்று ஒரு குரல். பத்துப் பந்தில் இந்தக் குரல் எத்தனை முறை கேட்கிறதோ, அது குறைவதுதான் முன்னேற்றத்தின் அளவு.

ஒரு எல்லையும் உண்டு. இந்த ராக்கெட் உயர்த்தல், ஷட்டில் டேப்புக்குக் கீழே இருக்கும்போது மட்டும். நம் ஷாட் உயர்ந்துபோய் எதிராளி டேப்புக்கு மேலிருந்து அடிக்கப் போகிறார் என்றால், அவர் வீச்சின் தொடர்ச்சி டேப்பைத் தாண்டி வரும் இடத்தில் ராக்கெட்டை நீட்டி வைப்பது இடையூறு; தவறு நம்முடையது. அப்போது ஒரு எட்டு பின்னால் போய் ராக்கெட்டை உடம்பருகே வைப்பதே மேல்.

ஐந்தாவது அமர்வு: ஒரு சண்டையின் கணக்கு

கடைசி மணி நேரத்தில் வலது முன்மூலையில் திரும்பத் திரும்ப ஒரே வரிசையை ஆடிப் பார்க்கலாம்.

அடிப்பவர் பின்கோட்டிலிருந்து நேராக ஒரு டிராப் போடுகிறார். எதிராளி தன் பேக்ஹேண்ட் மூலைக்கு வந்து நேராக நெட் வைக்கிறார், டேப்புக்கு மேல் ஒன்றரைச் சாண். அடிப்பவர் உள்ளே வந்து ஷட்டிலை எந்த உயரத்தில் தொடுகிறார் என்பதுதான் முதல் முடிவு. டேப்பிலிருந்து ஒரு சாண் கீழ் வரை டம்பிள். ஒரு சாணுக்கும் இரண்டு சாணுக்கும் நடுவில் சுழலற்ற சாதாரண ஷாட். இரண்டு சாணுக்குக் கீழே போய்விட்டால் லிஃப்ட், மறுபேச்சில்லை. காரணம் எளிது. தாழ எடுக்கத் தாழ எடுக்க ஷட்டிலை மேலே தூக்கும் பங்கு கூடுகிறது, உரசலுக்கு மிஞ்சும் பங்கு குறைகிறது. உரசலையும் விடாமல் தூக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

இந்த முறை ஒரு கையகலம் கீழே எட்டிவிட்டார் என்று வைப்போம். டம்பிள் போகிறது. எதிராளி காத்திருந்து, 1.2 மீட்டர் அளவில் தொட்டு நேராகத் திருப்புகிறார். நல்ல கைக்காரர், டேப்பை உரசித் தாண்டிவிட்டது, கில் அடிக்கும் உயரம் இல்லை. மேலும், கரணம் முழுதாக அடங்கும் முன் தொட்டதால் ஷட்டில் தள்ளாடியபடி வருகிறது.

இங்கேதான் பெரும்பாலான புள்ளிகள் வீணாகின்றன. தள்ளாடி வரும் ஷட்டிலை மீண்டும் உரசப் பார்ப்பார்கள். கார்க் இருக்குமிடம் நிலையாக இல்லாதபோது கார்க்கின் வளைவைத் தேடிப் போவது இருட்டில் ஊசி கோர்ப்பது. உலகத் தர வீரர்கள் செய்கிறார்கள், உண்மை. மற்றவர்களுக்கு, சுழன்று வரும் ஷட்டிலுக்குத் தட்டையான முகம்தான். ராக்கெட்டை அசைக்காமல் கார்க் கீழே வரும் வரை விட்டு, தொடும்போது பிடியை இன்னும் தளர்த்தி, நூல் உயரம் வரை போனாலும் பரவாயில்லை என்று மெல்ல ஏந்தி அனுப்ப வேண்டும். ஏந்துவது என்றால் தாங்கி வைத்து எறிவதல்ல. ஷட்டில் ராக்கெட்டில் தங்கி, பிறகு எறியப்பட்டால் அது தவறு.

எதிராளி அப்போதும் நேர்கோட்டில் ராக்கெட்டை உயர்த்தி நின்றால் தட்டை ஷாட்டும் செத்துவிடும். அப்போதுதான் குறுக்கு நெட். முகத்தைக் கடைசி நொடியில் இடப்பக்கம் திருப்பி, டேப்பின் நடுப்பகுதி வழியாக அனுப்ப வேண்டும், அங்கே வலை சற்றுத் தாழ்வு என்பது இதற்குக் கிடைக்கும் சின்னச் சலுகை. ஆனால் குறுக்கே போகும் ஷட்டில் காற்றில் அதிக நேரம் இருக்கும். எதிராளியின் எடை இன்னும் முன்காலில் அழுந்தியிருந்தால் மட்டும் பலிக்கும். அவர் நிமிர்ந்துவிட்டார் என்றால் லிஃப்டுதான், அதுவும் அவருடைய பேக்ஹேண்ட் பின்மூலைக்கு, உயரமாக.

இதை எதிராளியின் இடத்திலிருந்தும் ஆடிப் பார்க்க வேண்டும். பாதி நேரத்தில் இருவரும் பக்கம் மாறிக்கொண்டால், டம்பிளை வாங்குபவருக்கு எது உண்மையில் தொல்லை என்று கைக்குத் தெரிந்துவிடும். அதிகம் சுழன்று நூலைத் தாண்டி உயர்ந்து வரும் ஷட்டில் தொல்லையே இல்லை. அடங்கும் வரை காத்திருக்க இடம் இருக்கிறது. அரைக்கரணம் மட்டுமே போட்டு, ஒரு கையகல உயரத்தில், வலையை ஒட்டி இறங்குவதுதான் எடுக்கவே முடியாமல் போகிறது.

ஐந்தாவது மணி நேரம் முடிந்தும் சரியாகாதது பேக்ஹேண்ட் மூலைதான். அங்கே லஞ்ச் வைக்கும்போது வலது தோள் உடம்பைக் குறுக்கே கடந்து போவதால், அடித்த பின் பின்காலை உள்ளே இழுப்பது தாமதமாகிறது. ராக்கெட் தலை இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. ஷாட் நன்றாக இருக்கிறது, தடுப்பு இல்லை. அடுத்த முறை அந்த மூலைக்கு ஷட்டிலே இல்லாமல் இருபது வெறும் லஞ்ச், ஒவ்வொன்றின் முடிவிலும் ராக்கெட் தலையை டேப் உயரத்துக்குக் கொண்டுவந்து ஒரு எண்ணிக்கை நிறுத்துவது, பிறகுதான் எறிந்து தருவது.